தீட்சை கேட்டு ஒரு கடிதம்

1932ஆம் ஆண்டு அலகாபாத்தில் அபய சரண் தே என்ற வங்காளி மருந்துக்கடை நடத்திவந்தார். வயது 36. மனைவியும் பிள்ளைகளும் உண்டு. அந்த ஊருக்கு வந்திருந்த கௌடிய மடத்து ஆச்சாரியர் பக்திசித்தாந்த சரஸ்வதியை அவர் முதன்முதலில் பார்த்தது 1922இல், கல்கத்தாவில். முதல் சந்திப்பிலேயே மனத்தளவில் அவரைக் குருவாக ஏற்றுவிட்டதாக அபய சரண் பின்னாளில் சொன்னார். ஆனால் முறைப்படி தீட்சை பெற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. தீட்சை கேட்போரின் பட்டியலோடு உள்ளூர் மடத்துப் பொறுப்பாளர் வந்து நின்றபோது, அபய சரணின் பெயரைக் கேட்டதும் குரு அவரை நினைவுகூர்ந்தார். இவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பவர், தாம் கவனித்திருப்பதாகச் சொல்லி ஏற்றுக்கொண்டார்.

அந்த மருந்துக்கடைக்காரர்தான் பின்னாளில் அமெரிக்கா சென்று இஸ்கான் இயக்கத்தைத் தொடங்கிய ஏ.சி. பக்திவேதாந்த சுவாமி. பக்தர்கள் அவரை ஸ்ரீல பிரபுபாதர் என்பார்கள். அவர் தீட்சைக்கு விரிவான விண்ணப்பம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே மண்டபத்தில், குருவின் கண்முன்னே உட்கார்ந்திருந்தார். ஓர் உள்ளூர்ப் பெரியவர் அவர் பெயரைச் சொன்னார். குரு தாமே பார்த்ததை வைத்து முடிவெடுத்தார். இன்று இஸ்கானில் தீட்சை கேட்பவர் எழுதும் கடிதம் அந்த இரண்டு வேலைகளையும் தாளில் செய்ய முயல்கிறது. குரு பல ஆயிரம் மைல் தள்ளி, ஆண்டில் பாதி நாள் பயணத்தில் இருப்பவர். எழுதுகிறவர் மதுரையிலோ திருப்பூரிலோ இருப்பவர். 'நான் யார், என்ன செய்துவருகிறேன், எதற்குத் தயாராக இருக்கிறேன்' என்பதைச் சில பக்கங்களில் அவர் சொல்லியாக வேண்டும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது புரியும்.

பிரபுபாதர் 1965இல், தமது 69ஆம் வயதில், சரக்குக் கப்பலில் நியூயார்க் போய் இறங்கினார். மறு ஆண்டு நகரின் இரண்டாம் அவென்யூவில் ஒரு சிறிய கடை அறையை வாடகைக்கு எடுத்து இஸ்கானைப் பதிவு செய்தார். அந்த 1966 செப்டம்பரில் முதன்முதலாகப் பதினொரு இளைஞர்களுக்குத் தீட்சை கொடுத்தார். மணிகளை வாங்கி வந்து அவர்களே கோத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாலை ஜபிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, தம் குரு மரபில் 64 சுற்று வழக்கம் என்றார். முடியாது என்றார்கள். பாதியாகக் குறைத்தார், அதுவும் முடியாது என்றார்கள். கடைசியில் 16 சுற்று என்று முடிவாயிற்று. அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை. இன்று உலகம் முழுவதும் இஸ்கான் தீட்சைக்குக் கேட்கப்படும் '16 சுற்று' அந்தச் சிறிய அறையில் பேசி முடிவான எண்.

அடுத்த ஆண்டிலேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கோயில், பிறகு வேறு நகரங்கள், வேறு நாடுகள் என்று இயக்கம் பரவியது. ஒரே மனிதர் எல்லா ஊருக்கும் போக முடியாது. கடிதம் அங்கேதான் நுழைந்தது. உள்ளூர்க் கோயில் தலைவர் 'இன்னின்னார் இத்தனை மாதமாக முறையாக ஜபிக்கிறார்கள், நெறிகளைக் கடைப்பிடிக்கிறார்கள், பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி, அவர்களின் ஜப மாலைகளையும் தபாலில் அனுப்புவார். பிரபுபாதர் அந்த மாலைகளில் தாமே ஜபித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வைணவப் பெயர் எழுதித் திருப்பி அனுப்புவார். வேலை பெருகியபோது மாலையில் ஜபித்துத் தரும் பொறுப்பை மூத்த சீடர்கள் சிலரிடம் ஒப்படைத்தார். அவர் எழுதிய கடிதங்களில் ஆயிரக்கணக்கானவை கிடைத்துத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் தீட்சைக் கோரிக்கைகளுக்கான பதில்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பெரும்பாலும் சுருக்கமான ஏற்பு, ஒரு பெயர், அந்தப் பெயரின் பொருள், 16 சுற்றையும் நான்கு நெறிகளையும் விட்டுவிடாதே என்ற நினைவூட்டல் ஆகியவை இருக்கும்.

1977 நவம்பரில் பிரபுபாதர் மறைந்தார். அதன்பின் பதினொரு மூத்த சீடர்கள் குருமார்களாக நின்று தீட்சை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெவ்வேறு காரணங்களால் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். அவர்களிடம் தீட்சை பெற்றவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் என்று அக்னி முன் வாக்குக் கொடுத்தவர்கள், ஒரு நாள் காலையில் குரு இல்லாமல் விழித்தார்கள். பலர் இயக்கத்தையே விட்டுப் போனார்கள். சிலர் வேறு குருவிடம் மீண்டும் தீட்சை பெற்றார்கள். பிரபுபாதரின் பிரதிநிதிகளாக மட்டுமே இருந்து தீட்சை கொடுக்க வேண்டும், இடையில் வேறு குரு கூடாது என்று வாதிடுவோரும் உண்டு. பெங்களூரு இஸ்கான் அந்த நிலையில்தான் நிற்கிறது. ஆகவே இஸ்கான் பெயர் தாங்கிய ஒரு கோயிலில் தீட்சை கேட்பவர், தாம் யாருடைய சீடராகப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இஸ்கானின் இன்றைய விதிகள் இந்த வேதனையிலிருந்து வந்தவை. முன்பெல்லாம் குரு சீடனைச் சோதித்தால் போதும் என்றிருந்தது. இப்போது சீடனும் குருவைச் சோதித்து அறிய வேண்டும் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் காலம் வேண்டும்.

ஒருவர் நாள்தோறும் 16 சுற்று ஜபத்தையும் நான்கு நெறிகளையும் இடைவிடாமல் ஆறு மாதம் கடைப்பிடித்த பிறகே, இன்ன குருவிடம் அடைக்கலம் தேடுகிறேன் என்று அறிவிக்கலாம். அடைக்கலம் கேட்டு எழுதுவது முதல் கடிதம். அதன்பின் குறைந்தது இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் தீட்சைக் கடிதம் எழுத முடியும். ஆக மொத்தம் ஓராண்டுக்குக் குறையாது. நடைமுறையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். இடையில் சீடர்களுக்கான வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். குரு தத்துவம் பற்றிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கோயில் தலைவர் அல்லது உள்ளூர்ப் பொறுப்பாளரின் பரிந்துரை வேண்டும். குரு எவ்வளவு விரும்பினாலும் அந்தப் பரிந்துரை இல்லாமல் தீட்சை நடக்காது.

சரி, 16 சுற்று என்றால் எவ்வளவு? ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தில் 16 சொற்கள். ஹரே எட்டு முறை, கிருஷ்ண நான்கு முறை, ராம நான்கு முறை. மாலையில் 108 மணிகள். ஒவ்வொரு மணிக்கும் மந்திரம் ஒரு முறை. தலைமணியைத் தாண்டக்கூடாது; அதைத் தொடுமுன் மாலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். 16 சுற்றுக்கு 1,728 மந்திரங்கள், 27,648 திருநாமங்கள். பழகியவருக்கு ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும் என்றால், தினமும் சுமார் இரண்டு மணி நேரம். புதியவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும்.

நான்கு நெறிகளில் முதலாவது புலால், மீன், முட்டை உண்ணாமை. வெங்காயம், பூண்டும் சமையலில் சேராது. அவற்றை இறைவனுக்குப் படைப்பதில்லை, படைக்காததை உண்பதில்லை. இரண்டாவது போதைப்பொருள் தவிர்ப்பு. இதில் புகையிலை, மது மட்டுமல்ல, டீயும் காபியும் சேரும். தமிழ்நாட்டில் பலரை மதுவைவிட இந்த டீதான் தடுக்கிறது. மூன்றாவது சூதாடாமை. நான்காவது தகாத பாலுறவு தவிர்த்தல். இதன் கண்டிப்பான பொருள் என்னவென்றால், கணவன் மனைவிக்குள்ளும் அந்த உறவு குழந்தைப் பேற்றுக்காக மட்டுமே. இதைத் தீட்சை கேட்பவர் வாழ்க்கைத் துணையிடம் பேசாமல் தனியாக முடிவு செய்வது நியாயமில்லை. அனுபவமுள்ள பொறுப்பாளர்கள் இதை நேரடியாகவே கேட்டுவிடுவார்கள்.

இனி ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இது ஒருவருடைய சொந்தக் கடிதமல்ல. வழக்கமாக நடப்பதை வைத்துக் காட்டும் உதாரணம். மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 41, கணவர் மின்வாரிய ஊழியர், ஒரு மகன், ஒரு மகள், கூடவே மாமியார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் குருவின் பெருமை. கருணைக் கடல், பதிதர்களை மீட்பவர், தாமரைப் பாதங்களில் தூசியாகக் கிடக்க அருள வேண்டும் என்று போகிறது. மீதி அரைப் பக்கத்தில் தாம் ஒன்றுக்கும் உதவாதவள், பாவி, தகுதியற்றவள் என்று எழுதி, தீட்சை தருமாறு வேண்டி முடித்திருந்தார். அவருக்கு வழிகாட்டும் மூத்த பக்தையிடம் காட்டினார். அந்த அம்மா படித்துவிட்டுக் கேட்டார்:

"மாதாஜி, இதில் நீங்க எங்கே இருக்கீங்க?"

"நான்தானே மாதாஜி எழுதியிருக்கேன்."

"இந்தக் கடிதத்தில் பெயரை மாத்திட்டா யார் வேணும்னாலும் அனுப்பலாம். மகாராஜ் உங்களை நாலு தடவைதான் பார்த்திருக்கார். நீங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கீங்க, வீட்டில் என்ன சமைக்கிறீங்க, எங்கே தடுக்கி விழுந்தீங்க, இது எதுவுமே அவருக்குத் தெரியாதே. அதை எழுதுங்க."

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கடிதங்கள் பிழைபடுகின்றன. வைணவ மரபில் பணிவு பெரிய குணம். ஆனால் பணிவான சொற்களை அடுக்குவது வேறு, தம்முடைய நிலையை உள்ளபடி சொல்வது வேறு. 'நான் தகுதியற்றவள்' என்ற வரியை வைத்துக் குரு எதையும் முடிவு செய்ய முடியாது. 'கடந்த தீபாவளி வாரத்தில் மூன்று நாள் ஜபம் முடிக்க முடியவில்லை' என்ற வரியை வைத்து நிறையவே சொல்ல முடியும்.

ஆசிரியை மறுபடியும் எழுதினார். தொடக்கம் வழக்கப்படிதான். குருவுக்குப் பணிவான வணக்கம், ஸ்ரீல பிரபுபாதருக்கு எல்லாப் புகழும் என்ற வரி, ஊர், தேதி. அந்த இரண்டு வரி மரியாதையோடு துதி நின்றுவிட வேண்டும். பிறகு வாழ்க்கைப் பின்னணி. எட்டு ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை கொடுத்த பகவத் கீதை உரைநூல் ஒன்று ஓராண்டு அலமாரியிலேயே கிடந்தது. அப்பா இறந்த மாதத்தில் அதை எடுத்துப் படித்தார். பிறகு பக்தர்கள் கூடும் வீட்டு வகுப்புக்கு வாரம் ஒருமுறை போகத் தொடங்கினார். ஒரு சுற்றில் ஆரம்பித்து, நான்கு, எட்டு என்று மெதுவாக ஏற்றி, 16க்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதில் ஒரு அற்புதமும் இல்லை, கனவில் தரிசனமும் இல்லை. இருந்தால்தான் எழுத வேண்டும். இல்லாததற்குக் குறைபட வேண்டியதில்லை.

பயிற்சியைப் பற்றிய பத்திதான் கடிதத்தின் உயிர். அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'காலை 4.15க்கு எழுந்து, குளித்து, 4.40க்கு ஜபத்தில் உட்காருகிறேன். ஆறு மணிக்குள் பத்து சுற்று முடிகிறது. பிறகு சமையல். பள்ளிக்குப் போகும் பேருந்தில் இரண்டு சுற்று, மாலையில் நான்கு. பேருந்தில் செய்யும் இரண்டு சுற்றிலும் மனம் நிற்பதில்லை. அவற்றையும் காலையிலேயே முடிக்க முயல்கிறேன். வாரத்தில் மூன்று நாள் முடிகிறது. ஆரம்பத்தில் 16 சுற்றுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது.'

இந்த நேரக் கணக்கை அனுபவமுள்ளவர் கவனமாகப் படிப்பார். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம் என்றால் ஒரு மந்திரத்துக்கு ஏறத்தாழ நான்கு விநாடி. 32 அசைகளும் வாயிலிருந்து வந்து காதில் விழ அது போதும். யாராவது 16 சுற்றையும் ஒரு மணி நேரத்தில் முடிப்பதாக எழுதினால், ஒரு மந்திரத்துக்கு இரண்டு விநாடிதான் ஆகிறது. பாதி எழுத்துகள் விழுங்கப்படுகின்றன என்று பொருள். மணி உருள்கிறது, நாமம் வரவில்லை. அப்படிப்பட்டவரை மறுப்பதில்லை, ஒரு மூத்த பக்தரின் அருகில் உட்கார்ந்து சில வாரம் உரக்க ஜபித்துப் பழகச் சொல்வார்கள்.

நெறிகளைப் பற்றி ஆசிரியை மறைக்காமல் எழுதினார். டீயை நிறுத்தியபோது ஒரு வாரம் கடுமையான தலைவலி இருந்தது, பிறகு போய்விட்டது. வீட்டில் மாமியார் வெங்காயம், பூண்டு இல்லாமல் சாப்பிட மாட்டார். அதனால் மாமியாருக்கென்று தனிப் பாத்திரம், தனி அடுப்பு. முதலில் தமது சமையலை முடித்துக் கிருஷ்ணருக்குப் படைத்துவிட்டு, பிறகு மாமியாருக்குச் சமைக்கிறார். கணவர் தீட்சை பெறவில்லை, வீட்டில் அசைவம் சமைப்பதைத் தாமாக நிறுத்திக்கொண்டார், வெளியில் சாப்பிடுகிறார். நான்காவது நெறியைப் பற்றிக் கணவரிடம் பேசி, அவர் சம்மதித்திருக்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதினார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் எழுத அவசியமில்லை.

பிறகு வந்தது அவர் மிகவும் தயங்கிய பகுதி. பதினான்கு மாதத்தில் பதினொரு நாள் 16 சுற்று முடியவில்லை. ஆறு நாள் டெங்கு காய்ச்சல். இரண்டு நாள் தேர்தல் பணி. மூன்று நாள் ஊரில் உறவுக்காரர் கல்யாணம்; அங்கே வெட்கப்பட்டு ஜபப் பையை வெளியே எடுக்கவில்லை. முடியாத சுற்றுகளை அடுத்தடுத்த நாள்களில் சேர்த்துச் செய்திருந்தார். காய்ச்சலையும் தேர்தல் பணியையும் மட்டும் எழுதிவிட்டுக் கல்யாணத்தை விட்டுவிடலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டார்.

"காய்ச்சல் உடம்பைப் பத்தினது. கல்யாண வீடு உங்களைப் பத்தினது. அதைத்தான் அவர் தெரிஞ்சுக்கணும்," என்றார் அந்த அம்மா.

என் பார்வையில் முழுக் கடிதத்திலும் மதிப்புள்ள வரி அந்தக் கல்யாண வீட்டு வரிதான். தீட்சைக்குப் பிறகு ஒருவர் நெறிகளிலிருந்து நழுவுவது பெரும்பாலும் பெரிய சோதனையால் அல்ல. சொந்தக்காரர் முன்னால் வரும் கூச்சம், இடமாற்றம், வேலை நேர மாற்றம், குழந்தை பிறப்பு போன்ற சிறிய குலைவுகளால்தான். எங்கே நழுவுவோம் என்று தெரிந்து எழுதுகிறவருக்குக் குரு அந்த இடத்தில் கைகொடுக்க முடியும். பரிந்துரைக்கும் பொறுப்பாளருக்கும் இது உதவுகிறது. கடிதத்தில் மறைத்த விஷயம் அவருடைய காதுக்கு வேறு வழியில் வந்தால், இருவருக்கும் சங்கடம்.

சேவையைப் பற்றி இரண்டு வரி போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குச் சுலோக வகுப்பு எடுக்கிறார். ஜன்மாஷ்டமிக்கு மாலை கட்டுகிறார். எவ்வளவு பணம் கொடுத்தார் என்ற பேச்சு கடிதத்தில் வரவே கூடாது. தீட்சைக்கு விலை இல்லை; யாராவது விலை பேசினால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். குருவுக்குத் தட்சிணை கொடுப்பது சடங்கின் பகுதி. அது அவரவர் வசதிக்கேற்றது.

'ஏன் இந்தக் குரு?' என்பது கடினமான கேள்வி. புகழ், அதிகச் சீடர்கள், நண்பர்கள் எல்லாம் அவரிடம் போகிறார்கள் என்பவை காரணமாகாது. கணவன் மனைவி இருவரும் ஒரே குருவிடம் போக வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆசிரியை எழுதிய காரணம் எளிமையானது. மூன்று ஆண்டுகளாக அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டு வருகிறார். அவற்றில் ஒன்றைக் கேட்ட பிறகு மாமியாரோடு பேசாமல் இருந்த இரண்டு மாதச் சண்டையை முடித்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டால் தம் வாழ்க்கை நடைமுறையில் மாறுகிறது என்பதைக் கண்டிருக்கிறார். குருவை ஏற்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடைசியில் வேண்டுகோள். 'தங்களுக்குத் தகுந்தது என்று தோன்றினால் ஹரிநாம தீட்சை தந்து என்னைச் சீடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னும் காத்திருக்கச் சொன்னாலும் இதே நெறிகளோடு காத்திருப்பேன்.' இந்தக் கடைசி வாக்கியம் சம்பிரதாயத்துக்காக எழுதும் வரியாக இருந்துவிடக் கூடாது. சிலருக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று வரும். வீட்டில் எதிர்ப்பு கடுமையாக இருக்கும் கல்லூரி மாணவருக்கும், திருமணம் நிச்சயமாகும் நிலையில் இருப்பவருக்கும், உறவு முறிவு, மரணம் போன்ற அதிர்ச்சியில் ஓரிரு மாதத்திற்குள் எழுதுகிறவருக்கும் காத்திருக்கச் சொல்வதுதான் நல்லது. மனம் ஆறிய பிறகும் அதே விருப்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் அதை மறைக்காமல் எழுத வேண்டும். தீட்சை கிடைத்தது என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. பட்டினி விரதங்களை மருத்துவரிடம் கேட்டே வைக்க வேண்டும். ஏகாதசிக்குத் தானிய உணவைத் தவிர்ப்பதே போதும். சர்க்கரை நோயாளி முழுப்பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கடிதம் ஏற்கப்பட்டால் நாள் குறிப்பார்கள். அன்று அக்னி வளர்த்து, தானியங்களும் நெய்யும் வாழைப்பழமும் ஆகுதியாக இடப்படும். குரு ஒவ்வொருவரையும் அழைத்து, நான்கு நெறிகள் எவை, நாளொன்றுக்கு எத்தனை சுற்று என்று சபையில் கேட்பார். சீடர் தம் வாயால் சொல்ல வேண்டும். குரு ஜபித்த மாலையைக் கையில் கொடுத்து, புதிய பெயரை அறிவிப்பார். ஆண்களுக்குப் பெயரின் இறுதியில் தாஸ், பெண்களுக்குத் தேவி தாஸி. இருவருக்கும் பொருள் ஒன்றே, அடியவர். பெயர் என்ன வரும் என்பது அதுவரை சீடருக்குத் தெரியாது. இது முதல் தீட்சை. காயத்ரி மந்திரத்தோடு வரும் இரண்டாம் தீட்சைக்குக் குறைந்தது இன்னும் ஓராண்டு கழிய வேண்டும். அதற்கும் தனியாகப் பரிந்துரை உண்டு.

சில குருமார்களின் அலுவலகங்கள் இப்போது படிவம் அனுப்புகின்றன. பெயர், பிறந்த தேதி, எத்தனை மாதமாக 16 சுற்று, எந்த வகுப்பு முடித்தீர்கள், யார் பரிந்துரை என்று கட்டங்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் கல்யாண வீட்டில் ஜபப் பையை மறைத்ததை எழுத அதில் கட்டம் கிடையாது. படிவத்தை நிரப்புகிறவர்கள் கூடவே ஒரு கடிதத்தையும் கைப்பட எழுதி இணைப்பது நல்லது. தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். பொறுப்பாளரோ குருவின் செயலாளரோ மொழிபெயர்த்துத் தருவார்கள். தெரியாத ஆங்கிலத்தில் அடுக்குச் சொற்களைத் தேடி எழுதுவதைவிட, வீட்டில் பேசும் தமிழில் உள்ளதைச் சொன்ன கடிதம் குருவுக்கு அதிகம் உதவும்.

தீட்சை கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்து, மாலையோடு ஜபப் பை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை, தீட்சை பெற்ற நாளில், அதை எடுத்துப் படியுங்கள்.